குளத்தின் தரை தெரிகிறதா? கோடையில் ரிசார்ட் நீச்சல் குளத்தைப் பாதுகாப்பாக நடத்தும் முறை

வேலூர் சுற்றுவட்டாரத்தில் நீச்சல் குளம் வைத்திருக்கும் ரிசார்ட்டுகளுக்குச் சோதனைக் காலம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நீள்கிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, பள்ளி விடுமுறைக் கூட்டம் வருகிறது, பாலாறு வறண்டு கிடக்க, போர் தண்ணீரோ கடினத்தன்மை ஏறி உப்புக் கரிக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனை பராமரிப்பு ஆளின் வேலை, உயிர்காப்பு லைஃப்கார்டின் வேலை என்று இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வழக்கம். உண்மையில் இரண்டும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: ஆழமான முனையின் தரை மேலிருந்து பார்த்தால் தெரிகிறதா? கலங்கிய குளத்தில் மூழ்கிக் கிடப்பவரை எவ்வளவு கெட்டிக்கார லைஃப்கார்டாலும் பார்க்க முடியாது. தண்ணீர் ஏன் கலங்குகிறது என்பதற்கான விடை பரிசோதனைப் பெட்டியில் இருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே குளத்தை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் சுமார் 100 கன மீட்டர், அதாவது 1 லட்சம் லிட்டர். உங்கள் குளம் 1.5 லட்சம் லிட்டர் என்றால் கீழே வரும் அளவுகளை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

காலை 5:30: முதலில் கண், பிறகு பெட்டி

குளத்தருகே போனதும் பரிசோதனைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஆழமான முனையின் ஓரத்தில் நின்று, தரையில் தண்ணீரை உறிஞ்சும் துளையான மெயின் டிரெய்னின் மூடியைப் பாருங்கள். மூடியின் கம்பி இடைவெளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெறும் சதுர நிழலாகத் தெரிந்தால் அன்று குளம் திறக்கக் கூடாது. மூடி உடைந்திருந்தாலும், ஒரு திருகு கழன்றிருந்தாலும் அதே முடிவுதான். பம்பு ஓடும்போது அந்தத் துளையின் இழுவிசை ஒரு குழந்தையின் முடியையோ கையையோ பிடித்துக்கொண்டால் பெரியவர் இழுத்தாலும் வராது. பம்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது லைஃப்கார்டு முதல் துவாலை கொடுக்கும் பையன் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து மாதிரி எடுத்தல். தண்ணீர் உள்ளே வரும் துளைகளிலிருந்து தள்ளி, முழங்கை நனையும் ஆழத்தில் பாட்டிலைத் தலைகீழாக அமிழ்த்தி அங்கேயே திருப்பி நிரப்புங்கள். மேல் மட்டத் தண்ணீரில் வெயில் குளோரினைத் தின்றிருக்கும், எண்ணெய்ப் படலமும் இருக்கும். மாதிரியை வெயிலில் வைக்காமல் உடனே சோதியுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டுப் பெட்டி. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் எவ்வளவு வேலை செய்யும் குளோரின், எவ்வளவு வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரின் என்று பிரித்துச் சொல்லாது. ரிசார்ட்டுக்கு இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி முறை வேண்டும். 1-ஆம் எண் மாத்திரையைப் போட்டால் வேலை செய்யும் குளோரின், அதாவது தனிக் குளோரின் தெரியும். அதே குழாயில் 3-ஆம் எண் மாத்திரையையும் சேர்த்தால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூட்டுக் குளோரின். அது பத்து லட்சத்தில் 0.4 பங்கு, அதாவது 0.4 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. 'குளோரின் ரொம்பப் போட்டிருக்காங்க, கண்ணு எரியுது, வாடை அடிக்குது' என்று விருந்தினர் சொன்னால், பெரும்பாலும் கூட்டுக் குளோரின்தான் ஏறியிருக்கும். அங்கே தேவை கூடுதல் குளோரினே தவிர குறைவான குளோரின் அல்ல.

டிபிடியில் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு ஒரு நொடி மின்னிவிட்டு வெளுத்துவிடும். பார்ப்பவர் பூஜ்யம் என்று எழுதி இன்னும் ஒரு கேன் ஊற்றுவார். நிறம் வந்து மறைந்ததாகச் சந்தேகம் வந்தால், மாதிரியில் பாதியும் குளோரின் இல்லாத தண்ணீர் பாதியும் கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை இரட்டியுங்கள்.

பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். 7.4 நல்ல இலக்கு. 8-ஐத் தாண்டினால் குளோரினின் கிருமி கொல்லும் வலு வெகுவாகக் குறையும், சுண்ணாம்பும் பிரிந்து தண்ணீர் பால் போலாகும். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம், கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தனிக் குளோரினும் பிஎச்சும் திறப்பதற்கு முன்பும், கூட்டமான நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். மதியம் 2 மணிக்கு எடுக்கும் அளவுதான் உண்மையைச் சொல்லும். காலை அளவை மட்டும் எழுதும் பதிவேடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் குளம் கலங்குவது ஏன்

நம் பகுதியில் அதிகம் நடப்பதும், அதிகம் புரிந்துகொள்ளப்படாததும் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில் நேர் வெயில் பட்டால் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அதனால் எல்லோரும் டிசிசிஏ மாத்திரைக்குப் போகிறார்கள். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலம் என்ற ஸ்டெபிலைசரும் சேர்ந்தே இருக்கிறது. அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும். ஆனால் குளோரின் செலவாகிப் போனபின் ஸ்டெபிலைசர் தண்ணீரிலேயே தங்கும். ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. 10 பிபிஎம் குளோரினை மாத்திரையாகக் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் ஏறுகிறது.

நம் குளத்தில் மே மாதம் ஒரு நாளைக்கு 3 பிபிஎம் குளோரின் செலவாகிறது என்று வையுங்கள். 90 சதவீத மாத்திரையில் அது சுமார் 330 கிராம். கூடவே தினமும் 1.8 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேர்கிறது. மார்ச் கடைசியில் 30-இல் தொடங்கினால் 60 நாளில் 140-ஐ நெருங்கும். ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷில் போகும் தண்ணீர் இதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

ஸ்டெபிலைசர் ஏற ஏற அது குளோரினை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேலை நடக்க வேண்டுமானால் தனிக் குளோரின் ஸ்டெபிலைசரில் சுமார் 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஸ்டெபிலைசர் 50 என்றால் 4 பிபிஎம் குளோரின் போதும். 140 என்றால் 10-க்கு மேல் வேண்டும். பதிவேட்டில் '2 பிபிஎம், நலம்' என்று எழுதியிருக்கும். டிபிடி பொய் சொல்லவில்லை, பிடித்து வைக்கப்பட்ட குளோரினையும் சேர்த்தே அது எண்ணுகிறது. வார நாட்களில் பத்துப் பதினைந்து பேர் இறங்கும்வரை தண்ணீர் சமாளிக்கும். ஞாயிற்றுக்கிழமை 80 பேர் இறங்கினால் மாலை 4 மணிக்குத் தண்ணீர் மங்கி, கூட்டுக் குளோரின் 1.2-க்குப் போய், ஐந்தடி முனையில் தரை மறைந்துவிடும். அப்போது ஆள் ஓடிப்போய் இன்னும் நாலு மாத்திரை போடுவார். நோயை ஊட்டுவது போலத்தான் அது.

ஸ்டெபிலைசர் சோதனை எளிது. மாதிரியில் அதற்கான பொடியையோ திரவத்தையோ கலந்தால் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும். அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் மெல்ல ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி மறையும் இடத்து எண்ணைப் படிக்க வேண்டும். பெரும்பாலான குழாய்கள் 100 வரைதான் காட்டும். 100-இலேயே நின்றால் '100' என்று எழுதிவிடாதீர்கள். மாதிரியையும் சாதாரணத் தண்ணீரையும் சமமாகக் கலந்து சோதித்து இரட்டியுங்கள். 70 காட்டினால் உண்மை 140.

இதைக் குறைக்க ஒரே நம்பகமான வழி தண்ணீரை மாற்றுவது. 140-ஐ 50-க்குக் கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கு, நம் குளத்தில் சுமார் 65,000 லிட்டர் மாற்ற வேண்டும். மணிக்கு 5,000 லிட்டர் தரும் போர் இருந்தால் 13 மணி நேரம். டேங்கர் லாரி 12,000 லிட்டர் என்றால் ஆறு நடை. முதலாளிக்கு இது கசக்கும். ஆனால் மே மாதத்தில் ஆறு நடை வாங்குவதைவிட, மார்ச்சிலேயே மாத்திரையை நிறுத்தி, ஸ்டெபிலைசர் சேராத திரவக் குளோரினான ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுவது எவ்வளவோ மலிவு. ஸ்டெபிலைசர் 30 முதல் 50-க்கு வந்ததும் மாத்திரைக்கு விடை கொடுங்கள்.

மாலை வெயில் இறங்கியபின் தண்ணீரை வெளியேற்றத் தொடங்குங்கள். முழுவதும் காலி செய்ய வேண்டாம். காலித் தொட்டியில் வெயில் பட்டால் டைல்ஸ் பெயரும். நிரம்பியதும் எல்லா அளவையும் புதிதாக எடுங்கள். கூட்டுக் குளோரின் 0.4 அளவுக்கு இறங்கியிருக்கும். அன்றிரவே தனிக் குளோரினை 10 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். 10 சதவீத ஹைப்போ 1 லிட்டர் ஊற்றினால் 1 லட்சம் லிட்டரில் சுமார் 1 பிபிஎம் ஏறும், ஆகவே 10 லிட்டர். கேன் பழையதாக இருந்தால், அதுவும் வெயிலில் கிடந்ததாக இருந்தால், வலு பாதியாகியிருக்கலாம். ஊற்றி அரை மணி கழித்து அளந்துதான் நம்ப வேண்டும். பம்பு இரவெல்லாம் ஓடட்டும். காலையில் தனிக் குளோரின் 5-க்குக் கீழும், கூட்டுக் குளோரின் 0.4-க்குக் கீழும் வந்து, டிரெய்ன் மூடியும் தெளிவாகத் தெரிந்தால் திறக்கலாம்.

ஹைப்போவுக்கு மாறியதும் ஒரு மாற்றம் தெரியும்: பிஎச் ஏறிக்கொண்டே போகும். மாத்திரை அமிலத் தன்மை உள்ளது. நம் போர் தண்ணீரின் காரத்தை அது இதுவரை சத்தமில்லாமல் சமன் செய்து வந்தது. இனி ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்படும். முதலில் அரை லிட்டர் மட்டும். அதைத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் ஊற்றிக் கலக்கி, பம்பு ஓடும்போது ஆழமான பக்கம் சுற்றிலும் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பிறகு அடுத்த அரை லிட்டர். செயற்கை அருவி இருக்கும் குளத்தில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருப்பதால் பிஎச் இன்னும் வேகமாக ஏறும்.

கலங்கலுக்கு எல்லா நேரமும் குளோரின் காரணம் அல்ல. ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு அமிலம் விடுங்கள். உடனே தெளிந்தால் அது சுண்ணாம்பு. பிஎச்சை இறக்குங்கள், பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால் நிறுத்துங்கள். தெளியாவிட்டால் குளோரினையும் ஃபில்டரையும் பாருங்கள். மணல் ஃபில்டரின் அழுத்தம், கழுவியபின் இருந்ததைவிட 0.5 முதல் 0.7 பார் ஏறினால் பேக்வாஷ் செய்யும் நேரம். புதுத் தண்ணீரில் குளோரின் பட்டதும் டீ நிறமானால் போரில் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

கெமிக்கல் அறையில் ஒரே ஒரு விதி மீறக் கூடாதது: எதையும் எதோடும் கலக்காதீர்கள். அமிலமும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டிசிசிஏ மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரு பொடி எடுத்த கரண்டியால் இன்னொன்றை எடுப்பதுகூட ஆபத்து. அமில கேனும் ஹைப்போ கேனும் அச்சாக ஒன்று போலவே வரும். வந்த அன்றே அமிலக் கேனுக்குச் சிவப்புப் பெயின்ட் பட்டை அடித்து வேறு அறையில் வையுங்கள். குளத்தில் ஆள் இருக்கும்போது எதையும் ஊற்றக் கூடாது.

லைஃப்கார்டு எங்கே நிற்க வேண்டும்

பணியில் இருக்கும் லைஃப்கார்டு தண்ணீர் சோதிக்கக் கூடாது, துவாலை மடிக்கக் கூடாது, விருந்தினருக்கு ஃபோட்டோ எடுத்துக் கொடுக்கக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் அதிகம் நடக்கிறது. 'தம்பி, ஒரே ஒரு ஃபோட்டோ' என்று கேட்டால் மறுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் மறுக்கும் பொறுப்பை மேலாளர் ஏற்க வேண்டும்: பணியில் உள்ள லைஃப்கார்டிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று பலகை வைத்து, ஃபோட்டோ எடுக்க வேறொரு ஆளைக் காட்டுங்கள்.

ரிசார்ட் குளங்களில் ஆபத்தான இடம் ஆழமான முனை அல்ல. மூன்றரை அடியில் நிற்பவர் அறியாமல் ஐந்தடிக்குச் சறுக்கும் அந்தச் சரிவுதான். அங்கே வருபவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. பேசிக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் வைப்பார்கள், கால் எட்டாது. லைஃப்கார்டின் நாற்காலி அந்தச் சரிவுக்கு நேராக, மேற்கு வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசாத பக்கம் இருக்கட்டும். சரிவு தொடங்குவதற்கு ஓரடி முன்னால் மிதவைக் கயிறு கட்டுங்கள்.

பார்வை 10 விநாடிக்குள் தன் பகுதி முழுவதையும் சுற்றி வர வேண்டும். ஆபத்தைக் கண்டால் 20 விநாடிக்குள் ஆளை எட்ட வேண்டும். சுற்றும்போது முதலில் தரை, பிறகு நடுத் தண்ணீர், கடைசியில் மேல் மட்டம். மேலே கூச்சலிடுபவர் மூச்சு விடுகிறார். மூழ்குபவர் கத்துவதில்லை, கையை ஆட்டி அழைப்பதும் இல்லை. உடல் நேராக நிற்கும், தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், கைகள் இரு பக்கமும் தண்ணீரை அழுத்தும், கால் உதைக்காது. ஏணி ஏறுவது போலிருக்கும், ஆனால் ஆள் நகரமாட்டார். சிறு குழந்தை இந்த நிலையில் அரை நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம்.

அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். வேலூர் வெயிலில் அதற்கு மேல் கவனம் நிற்காது. புதியவர் தன் பகுதியை ஒரு சுற்றுப் பார்த்து, 'தரை சுத்தம்' என்று சொன்னபின்தான் பழையவர் கண்ணை எடுக்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு லைஃப்கார்டை வைத்து நாள் முழுக்கக் குளம் திறக்க முடியாது. அவர் சாப்பிடப் போனால் குளம் மூட வேண்டும். கையெட்டும் தூரத்தில் மீட்பு மிதவை, கயிறு கட்டிய வளையம், நீளமான கொக்கிக் கம்பு மூன்றும் இருக்கட்டும்.

விருந்தினர் விதிகள்: எதை, எப்படிச் சொல்வது

இருபது விதி எழுதிய பலகையை யாரும் படிப்பதில்லை. நான்கைந்து போதும். அதையும் ரிசப்ஷனில் அல்ல, குளத்து வாசலில் வாயால் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் விஷயம் முதலில். 'அண்ணா, பையனைக் கை நீட்டினா எட்டுற தூரத்துலயே வெச்சுக்கோங்க. காத்தடிச்ச வளையம் கழண்டு போயிடும், அதை நம்பாதீங்க.' குடும்பமாக வந்தால் யார் பார்க்கிறார்கள் என்று ஒருவரைக் கைகாட்டிக் கேளுங்கள். பத்துப் பெரியவர்கள் சுற்றி நின்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

உடை விஷயத்தில் சண்டை வரும். புடவை, பருத்திச் சுடிதார், ஜீன்ஸ் ஆகியவை நனைந்து கனத்து காலைச் சுற்றும். நூல் ஃபில்டரை அடைக்கும். உடம்பை மூடும் நைலான் நீச்சல் உடைகளை வாடகைக்கோ விலைக்கோ வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 'அக்கா, முழுசா மூடுற மாதிரியே இருக்கு, பாருங்க' என்று எடுத்துக் காட்டினால் யாரும் கோபிப்பதில்லை. தலையில் எண்ணெயோடு இறங்குவதும் இங்கே சாதாரணம். குளிக்காமல் இறங்கும் ஒவ்வொருவரும் குளோரினைக் கூட்டுக் குளோரினாக மாற்றுகிறார்கள். ஷவர் வாசலிலேயே இருந்து, அதைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும் என்றால் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

குடித்தவரை இறக்காதீர்கள். தலைகீழாகக் குதிப்பது ஐந்தடிக் குளத்தில் கழுத்தெலும்பை உடைக்கும். மூச்சடக்கும் போட்டியையும் உடனே நிறுத்துங்கள். வேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்குபவர், நன்றாக நீந்துபவராக இருந்தாலும், எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவிழந்து தரையில் கிடப்பார். கோடை மாலையில் இடி கேட்டால் எல்லோரையும் வெளியேற்றி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத் திறக்க வேண்டும்.

குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டால் எல்லோரையும் வெளியேற்றி, வலையால் அள்ளுங்கள். வேக்யூம் போடாதீர்கள். கெட்டியாக இருந்தால் பிஎச் 7.5-க்குக் கீழ் வைத்து, தனிக் குளோரினை 2 பிபிஎம்முக்குக் குறையாமல் 25 நிமிடம் நிறுத்தியபின் திறக்கலாம். வயிற்றுப்போக்காக இருந்தால் அன்று குளம் திறக்கவே முடியாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரண அளவுக் குளோரினில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதைக் கொல்ல 20 பிபிஎம் குளோரின் 12¾ மணி நேரம் நிற்க வேண்டும், அதுவும் ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில்.

ஆளைத் தூக்கியபின்

நீண்ட விசில் அடித்துத் தண்ணீருக்குள் போகும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். சொல்ல வேண்டிய முகவரியும் அடையாளமும் குளத்துச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஒருவர் வாசலுக்குப் போய் வண்டியை வழிகாட்டி அழைத்து வர வேண்டும். ஏலகிரி மலையில் இருக்கும் விடுதிகளுக்கு இது இன்னும் முக்கியம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வண்டி வரும்வரை உங்கள் ஆட்கள்தான் எல்லாம். அங்கே ஆக்சிஜன் சிலிண்டரும் பயிற்சி பெற்ற இருவரும் இல்லாமல் குளம் திறக்காதீர்கள்.

மூழ்கியவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் வீணாகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்குள் பாருங்கள். இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பயின்ற முறைப்படி 2 அல்லது 5 முறை. மாரடைப்பில் மார்பை அழுத்துவதில் தொடங்கலாம், இங்கே உடலுக்கு இல்லாமல் போனது காற்று. பிறகு நடு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிருக்காமல் மூச்சைக் கொடுங்கள்.

நினைவு திரும்பி 'ஒண்ணும் இல்லை' என்று எழுந்து உட்கார்ந்தாலும், இருமல், மூச்சிரைப்பு, அசதி எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையா, சிஎம்சியா, திருப்பத்தூரா என்பதை உங்கள் இடத்துக்கு ஏற்ப முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். ஆம்புலன்ஸ் ஆளிடம் மூன்று செய்தி சொல்லுங்கள்: தண்ணீருக்கடியில் சுமார் எத்தனை நிமிடம், மூச்சு கொடுக்கத் தொடங்கிய நேரம், தலைகீழாகக் குதித்தாரா. குளத்தை உடனே மூடி, அந்த நேரத்துத் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துத் தனிக் குளோரின், கூட்டுக் குளோரின், பிஎச் மூன்றையும் அளந்து, டிரெய்ன் மூடி தெரிந்ததா இல்லையா என்பதோடு நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.